ஆட்சேர்ப்பாளர் தேடல்: லிங்க்ட்இன் சுயவிவரத்தில் எந்தப் பகுதிக்கு எடை அதிகம்

ஒரு வேலைக்கு ஆள்கள் விண்ணப்பிக்கும் வரை காத்திராமல், தொழில்முறை வலையமைப்புகளில் உள்ள சுயவிவரங்களிலிருந்து பொருத்தமானவர்களைத் தாமே தேடி எடுப்பது ஆட்சேர்ப்பாளர் தேடல் எனப்படும். இவ்வகை வலையமைப்புகளில் பரவலாக அறியப்பட்டது லிங்க்ட்இன். 2003-ஆம் ஆண்டு மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இத்தளத்தை 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்கியது. அதில் பக்கம் வைத்திருக்கும் மாணவர்கள் பலர், தம் பக்கத்தை ஒருவர் மேலிருந்து கீழாகப் படிப்பார் என்று எண்ணி எழுதுகிறார்கள். உண்மையில் ஒரு மனிதர் படிப்பதற்கு முன்பே பெரும்பாலான பக்கங்கள் தேடலில் கழிந்துவிடுகின்றன. எந்தப் பகுதியால் ஒரு பக்கம் கழிகிறது, எந்தப் பகுதியால் அது முன்வரிசைக்கு வருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்சேர்ப்பாளர் பார்க்கும் திரை

சாதாரண உறுப்பினர் பார்க்கும் லிங்க்ட்இன் வேறு, ஆட்சேர்ப்பாளர் பார்ப்பது வேறு. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி வாங்கும் ‘லிங்க்ட்இன் ரெக்ரூட்டர்’ ஒரு தனிச் சேவை. அதன் திரையில் இடப்பக்கம் வடிகட்டிகள் வரிசையாக இருக்கும்: பணிப்பெயர், இடம், திறன்கள், நிறுவனம், கல்வி நிலையம், அனுபவ ஆண்டுகள், துறை, பொதுச் சொற்கள் எனப் பல. ஆட்சேர்ப்பாளர் ஒவ்வொன்றாக நிரப்ப நிரப்ப, வலப்பக்கத்தில் பெயர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

இந்த வடிகட்டிகள் பக்கத்தின் வெவ்வேறு பகுதிகளைப் படிக்கின்றன என்பதே முதலில் அறிய வேண்டியது. பணிப்பெயர் வடிகட்டி, அனுபவப் பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் கொடுத்துள்ள பணிப்பெயரைப் பார்க்கிறது. பெயருக்குக் கீழே பெரிதாகத் தெரியும் தலைப்பு வரியை அது பார்ப்பதில்லை. இடத்துக்கான வடிகட்டி, அறிமுகப் பெட்டியில் தெரிவுசெய்த ஊரைப் பார்க்கிறது. அனுபவ ஆண்டுகளைத் தளமே வேலைகளின் தொடக்க, முடிவுத் தேதிகளைக் கொண்டு கணக்கிடுகிறது. ‘ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவன்’ என்று முன்னுரையில் எழுதுவதால் அந்தக் கணக்கு மாறாது. பொதுச் சொற்களுக்கான பெட்டி மட்டுமே தலைப்பு வரி, முன்னுரை, வேலை விளக்கம் என எல்லா இடங்களிலும் தேடும்.

அந்தப் பெட்டியில் பூலியன் முறையில் எழுதலாம். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுபவர் பின்வருமாறு எழுதக்கூடும்:

```
("accounts payable" OR "invoice processing") AND SAP NOT manager
```

மேற்கோள் குறிக்குள் உள்ள சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வர வேண்டும். `OR` என்றால் இரண்டில் ஒன்று போதும், `AND` என்றால் இரண்டும் வேண்டும், `NOT` என்றால் அச்சொல் உள்ள பக்கம் விலக்கப்படும். இவற்றைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும். சொல்லின் பாதியை எழுதி நட்சத்திரக் குறி இடும் வழக்கம் இங்கே செல்லாது. ஆவணச் செயலியிலிருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள் குறிகளும் செல்லா. அனுபவமுள்ள ஆட்சேர்ப்பாளர்களே சில வேளை இதில் தவறி, நல்ல ஆள்களைக் காணாமல் போகிறார்கள்.

இரண்டு கட்டங்கள்

தேடல் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் வடிகட்டிகளுக்குப் பொருந்தும் பக்கங்கள் மட்டும் எடுக்கப்படுகின்றன. இங்கே ஒரு பக்கம் உள்ளே வரும், அல்லது வெளியே நிற்கும். இடைப்பட்ட நிலை இல்லை. இரண்டாம் கட்டத்தில், உள்ளே வந்தவை வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒரு திரைப்பக்கத்தில் 25 பேர் தெரிவார்கள். எவ்வளவு பேர் பொருந்தினாலும் ஆட்சேர்ப்பாளர் முதல் சில பக்கங்களுக்கு மேல் செல்வது அரிது.

வரிசைப்படுத்தும் முறையைப் பற்றி லிங்க்ட்இன் பொறியாளர்களே 2018, 2019 ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். அவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ‘மிகத் திறமையானவர் யார்’ என்ற கேள்விக்கு அந்த இயந்திரம் விடை தேடுவதில்லை. ‘இந்த ஆட்சேர்ப்பாளர் யாருக்குச் செய்தி அனுப்புவார், அவர்களில் யார் அதை ஏற்றுப் பதில் தருவார்’ என்பதையே அது கணிக்கிறது. அனுப்பிய செய்தி ஏற்கப்பட்டால்தான் தேடல் வெற்றி பெற்றதாகக் கொள்ளப்படுகிறது. முதல் 5 பேரிலும் முதல் 25 பேரிலும் அப்படி எத்தனை பேர் என்று பார்த்தே முறையின் தரம் அளக்கப்பட்டது.

இதற்குப் பணக்கணக்கும் உண்டு. ஆட்சேர்ப்பாளர் முன்பின் அறியாதவருக்கு அனுப்பும் ‘இன்மெயில்’ செய்திக்கு மாத வரம்பு உள்ளது. அனுப்பிய 90 நாள்களுக்குள் பதில் வந்தால் அந்தச் செய்திக்கான கணக்கு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ‘விருப்பமில்லை’ என்பதும் பதில்தான். ஆகவே வேலை வேண்டாம் என்றாலும் ஒரு வரி பதில் அனுப்பிவிடுவது எதிர்ப்பக்கம் இருப்பவருக்குச் செய்யும் சிறு உதவி.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையில் உள்ள ஒரு நிறுவனம், விற்பனையாளர்களிடமிருந்து வரும் பட்டியல்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்தும் பிரிவுக்கு, அதாவது ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’ பிரிவுக்கு, மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவரைத் தேடுகிறது என்று கொள்வோம். சாப் மென்பொருளில் பழக்கம் வேண்டும்.

திருநெல்வேலியில் வணிகவியல் முடித்து, நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் வெளிப்பணி நிறுவனம் ஒன்றில் இதே வேலையைச் செய்துவரும் ஒரு பெண்ணை அடுத்து எண்ணிப் பார்க்கலாம். வேலைக்கு அவர் முழுப் பொருத்தம். அவருடைய பக்கம் தேடலில் வருமா?

முதல் வடிகட்டி இடம். ஆட்சேர்ப்பாளர் சென்னை என்று தெரிவு செய்கிறார். அந்தப் பெண் கல்லூரியில் படிக்கும்போது பக்கம் தொடங்கியவர். ஊர் இன்னும் திருநெல்வேலி என்றே இருக்கிறது. அத்துடன் அவர் பக்கம் கழிந்தது. மீதியைப் பார்க்கத் தேவையே இல்லை என்றாலும், பாடத்துக்காகத் தொடர்வோம்.

இரண்டாவது பணிப்பெயர். ஆட்சேர்ப்பாளர் `Accounts Payable Specialist`, `Accounts Payable Executive` போன்றவற்றைத் தெரிவு செய்கிறார். அந்தப் பெண்ணின் பணி ஆணையில் உள்ள பெயரோ `Senior Process Associate`. வெளிப்பணி நிறுவனங்களில் இது பொதுப்பெயர். மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையைப் பார்ப்பவருக்கும், வங்கி வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசுபவருக்கும், பட்டியல் சரிபார்ப்பவருக்கும் அதே பெயர்தான். அது ஆளின் படிநிலையைச் சொல்கிறது. என்ன வேலை என்பதைச் சொல்வதில்லை. மீண்டும் கழிவு.

மூன்றாவது அனுபவ ஆண்டுகள். இங்கே நடப்பது பலரும் கவனிக்காத பிழை. பதவி உயர்வு கிடைத்தபோது அவர் பழைய பதிவையே திருத்தி, பணிப்பெயரையும் தொடக்கத் தேதியையும் மாற்றிவிட்டார். முன்னிருந்த பதவிக்குத் தனிப் பதிவு இல்லாமல் போயிற்று. தளத்தின் கணக்கில் அவருக்கு இப்போது ஓராண்டுச் சொச்சம் அனுபவம்தான். மூன்று ஆண்டு என்று கேட்கும் தேடலில் அவர் இடம்பெற மாட்டார்.

நான்காவது திறன்கள். அவர் பட்டியலில் குழுப்பணி, தகவல் தொடர்பு, எம்எஸ் ஆபீஸ் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவை பொய்யல்ல. ஆனால் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுபவர் யாரும் இவற்றைத் தேடு சொல்லாக இடுவதில்லை. முன்னுரையில் வேலையை நன்றாகவே விளக்கியிருக்கிறார். எனினும் அலுவலகப் பேச்சு வழக்கில் `AP` என்று சுருக்கியும், சாப் என்ற பெயரைச் சொல்லாமல் `ERP` என்று பொதுவாகவும் எழுதியிருக்கிறார். மேலே கண்ட பூலியன் தொடர் இதையும் பிடிக்காது.

ஆக, நான்கு ஆண்டு உழைப்பு இருந்தும் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தாம் விலக்கப்பட்டதாக அவருக்கு அறிவிப்பும் வராது. வேலைச் சந்தையில் ஆள் தேவையே இல்லை போலும் என்று அவர் எண்ணிக்கொள்வார்.

திருத்தம் அரை மணி நேர வேலை. ஊரைச் சென்னை என மாற்ற வேண்டும். ஒரே நிறுவனத்தின் கீழ் இரண்டு பதவிகளையும் தத்தம் தேதிகளுடன் தனித்தனிப் பதிவாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவது பதவியை இப்படி எழுதலாம்:

```
Senior Process Associate - Accounts Payable
```

இங்கே ஓர் எல்லை உண்டு. செய்யும் வேலையின் பெயரைச் சேர்ப்பது நேர்மையான விளக்கம். ஆணையில் உள்ள பெயரை நீக்கிவிட்டு ‘மேலாளர்’ என்று போட்டுக்கொள்வது அப்படியல்ல. வேலை உறுதியாகும் கட்டத்தில் நிறுவனங்கள் முந்தைய அலுவலகத்திடம் பணிப்பெயரையும் தேதிகளையும் கேட்டுச் சரிபார்க்கின்றன. அங்கே முரண்பட்டால், கைக்கு வந்த வேலை நழுவக்கூடும்.

திறன்களில் `Accounts Payable`, `Invoice Processing`, `SAP` ஆகியவற்றைத் தளம் காட்டும் பட்டியலிலிருந்தே தெரிவு செய்து சேர்க்க வேண்டும். முன்னுரையிலும் வேலை விளக்கத்திலும் சுருக்கமும் விரிவும் ஒருமுறையாவது வர வேண்டும். இவ்வளவும் ஆனபின் அதே தேடலில் அவர் பக்கம் முதற்கட்டத்தைத் தாண்டும். ஆட்சேர்ப்பாளர் முழுப் பணிப்பெயரைத் தெரிவு செய்திருந்தால் பணிப்பெயர் வடிகட்டி மட்டும் இன்னும் அவரைத் தவறவிடலாம். பொதுச் சொல் கொண்டு தேடுபவரிடம் அவர் கட்டாயம் அகப்படுவார்.

பட்டியலிலிருந்து தெரிவு செய்வது ஏன்

பணிப்பெயர், திறன், நிறுவனம், கல்லூரி, ஊர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் தளம் கீழே சில பெயர்களைக் காட்டும். அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்தால் அது வெறும் எழுத்தாக நில்லாமல், தளத்தின் உள்ளே அதற்கென உள்ள ஓர் அடையாள எண்ணுடன் இணைகிறது. ஆட்சேர்ப்பாளர் வடிகட்டியில் தெரிவு செய்வதும் அதே எண்ணைத்தான். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் இடுவது போன்றது இது. எண் இல்லாத புத்தகம் அலமாரியில் இருந்தாலும் பட்டியலில் அகப்படாது.

கல்லூரிப் பெயரில் இந்தச் சிக்கல் அதிகம். ஒரே கல்லூரியை மாணவர்கள் முழுப்பெயர், முதலெழுத்துகள், ஊர்ப்பெயர் சேர்த்த வடிவம் எனப் பலவாறு எழுதுகிறார்கள். கல்லூரியின் அதிகாரப்பூர்வப் பக்கத்துடன் இணைந்த பெயரைத் தெரிவு செய்தால், பெயருக்கு அருகே அதன் சின்னம் தோன்றும். நிறுவனங்களுக்கும் இப்படியே. சின்னத்துக்குப் பதில் வெறும் சாம்பல் நிறக் கட்டடப் படம் தெரிந்தால், இணைப்பு ஏற்படவில்லை என்று அறியலாம். சிறு நிறுவனங்களுக்கு லிங்க்ட்இன் பக்கமே இல்லாதிருக்கலாம். அப்போது செய்வதற்கொன்றும் இல்லை.

வேடிக்கைப் பணிப்பெயர்களும் இதே காரணத்தால்தான் பயனற்றுப் போகின்றன. மென்பொருள் எழுதுபவர் தம்மை ‘கோடிங் நிஞ்ஜா’ என்று அழைத்துக்கொண்டால் நண்பர்கள் சிரிப்பார்கள். தேடலில் அச்சொல்லை இடுவோர் இல்லை.

தலைப்பு வரியின் இடம்

தலைப்பு வரிக்கு எடை மிக அதிகம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. பொதுச் சொல் தேடலில் அது கணக்கில் வருகிறது. பணிப்பெயர் வடிகட்டியில் வருவதில்லை. அதன் உண்மையான வலிமை முடிவுப் பட்டியலில் தெரிகிறது. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை உண்டு: படம், பெயர், தலைப்பு வரி, ஊர், அண்மைய வேலைகள், கல்வி. ஆட்சேர்ப்பாளர் அட்டைகளை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே போகிறார். முழுப் பக்கத்தைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்த அட்டைதான் தீர்மானிக்கிறது.

தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். ‘சவாலான பணியை எதிர்நோக்கும் கடின உழைப்பாளி’ என்ற பொருளில் பலர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எந்தத் துறையினருக்கும் பொருந்தும் வரி அது. அதனாலேயே எவரையும் அது அடையாளம் காட்டுவதில்லை. மேற்சொன்ன பெண், தாம் பார்க்கும் வேலை, கையாளும் மென்பொருள், அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் போதும். சொற்களைத் திரும்பத் திரும்ப அடுக்குவதால் வரிசையில் முன்னேற முடியும் என்பதும் தவறான எண்ணம். மிகையான அடுக்கலைத் தளம் குப்பையாகக் கருதக்கூடும். படிக்கும் மனிதர் நிச்சயம் அப்படித்தான் கருதுவார்.

வேலை தேடுவதாக அறிவித்தல்

‘ஓபன் டு வொர்க்’ என்ற அமைப்பு, தாம் வேலை மாற விரும்புவதை உறுப்பினர் தெரிவிக்க உதவுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ஆட்சேர்ப்பாளருக்கு மட்டும் தெரியும்படி வைத்தால் வளையம் வராது. ஆனால் ஆட்சேர்ப்பாளர் திரையில் இவர்களை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. பதில் தரக்கூடியவரைத் தேடுவதே முழு முறையின் நோக்கம் என்பதால், பலர் அதை முதலிலேயே அழுத்துகிறார்கள். விரும்பும் பணிப்பெயர்களையும் ஊர்களையும் இதிலேயே குறிக்கலாம். வேறு ஊருக்குச் செல்ல ஆயத்தமாக இருப்பவருக்கும், இன்னும் வேலைக்குச் சேராத மாணவருக்கும் இது முக்கியம். அனுபவப் பகுதி வெறுமையாக இருக்கும் மாணவருக்குப் பணிப்பெயர் என்று சொல்லிக்கொள்ள இந்த ஓர் இடமே உள்ளது.

வேலையில் இருப்பவர் அறிய வேண்டியது ஒன்று. இரண்டாம் வகையில், அவர் பணிபுரியும் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களுக்கு இதை மறைக்கத் தளம் முயல்கிறது. ஆனால் முழு இரகசியத்துக்கு அது உறுதி தருவதில்லை. பக்கத்தில் தற்போதைய நிறுவனத்தின் பெயர் சரியாக இணைக்கப்படாவிட்டால், யாரிடமிருந்து மறைப்பது என்பதே தளத்துக்குத் தெரியாது.

தொடர்புகளின் எண்ணிக்கை

முழுக் கட்டணச் சேவையில் ஆட்சேர்ப்பாளர் தளத்தின் எல்லா உறுப்பினர்களையும் தேட முடியும். சிறு நிறுவனங்கள் வாங்கும் ‘ரெக்ரூட்டர் லைட்’ சேவையில், அவருடைய தொடர்புகள், தொடர்புகளின் தொடர்புகள், அதற்கடுத்த சுற்று என மூன்று சுற்று வரை உள்ளவர்களே வருவார்கள். கட்டணமின்றித் தேடுபவருக்கும் தொடர்பில் நெருக்கமானவர்களே முன்னே தெரிவார்கள். பத்துப் பதினைந்து தொடர்புகள் மட்டும் வைத்துள்ள மாணவர் சிறு நிறுவனங்களின் பார்வைக்கு எட்டாமல் போவது இதனால்தான். உடன் படித்தவர்கள், முன்னாள் மாணவர்கள், பயிற்சி பெற்ற இடத்தில் பழகியவர்கள் ஆகியோரைச் சேர்த்தாலே இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

வேலைவாய்ப்புத் தளங்களில் உள்ள வேறுபாடு

இந்தியாவில் 1997 முதல் இயங்கும் நௌக்ரி தளத்திலும் ஆட்சேர்ப்பாளர்கள் ‘ரெஸ்டெக்ஸ்’ என்ற தரவுத்தளத்தில் இவ்வாறே தேடுகிறார்கள். ஆனால் அங்கே எடை வேறு இடத்தில் விழுகிறது. தற்போதைய சம்பளம், வேலையை விட்டு விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், கடைசியாக எப்போது தளத்தைப் பயன்படுத்தினார் ஆகிய மூன்றும் வடிகட்டிகளாக உள்ளன. உடனே ஆள் வேண்டும் என்பவர் அண்மை நாள்களில் நுழைந்தவர்களை மட்டும் கேட்பார். ஆகவே நௌக்ரியில் ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவரின் நல்ல சுயவிவரமும் பின்னுக்குப் போய்விடும். ஒரு தளத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை மற்றதற்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

குறை எங்கே என்று அறிதல்

லிங்க்ட்இன் தன் உறுப்பினருக்கு இரண்டு எண்ணிக்கைகளைக் காட்டுகிறது. அவர் பக்கம் தேடல் முடிவுகளில் எத்தனை முறை தோன்றியது என்பது ஒன்று. எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எங்கே என்று ஓரளவு புலப்படும்.

தேடலில் தோன்றுவதே மிகக் குறைவென்றால், குறை முதற்கட்டத்தில் உள்ளது: ஊர், பணிப்பெயர், தேதிகள், திறன்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தோன்றுவது அதிகமாகவும் பார்வை குறைவாகவும் இருந்தால், அட்டை கவரவில்லை. தலைப்பு வரியையும் படத்தையும் பார்க்க வேண்டும். பார்வை இருந்தும் செய்தி வரவில்லையென்றால், பக்கத்தைத் திறந்தவர் தேடியது உள்ளே இல்லை. வேலை விளக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தேடியவர்கள் எந்த நிறுவனத்தினர், என்ன பணியினர் என்ற விவரமும் கிடைக்கும். கணக்குப் பிரிவில் இருப்பவரைக் காப்பீட்டு முகவர்களே தேடிப் பார்த்திருந்தால், பக்கம் தவறான சொற்களுக்குப் பொருந்துகிறது என்று கொள்ளலாம்.

இந்த எண்ணிக்கையில் ஆட்சேர்ப்பாளர் அல்லாதோரின் தேடல்களும் கலந்திருக்கும். எனவே ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு திருத்தம் செய்தபின் மூன்று நான்கு வாரங்களின் எண்ணிக்கையை முந்தைய வாரங்களுடன் ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஊரும் தேதிகளும் பிழையாக இருந்தால் அவற்றை உடனே சரிசெய்து, தலைப்பு வரியை மட்டும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பது நல்ல முறை.